துவைத்தெடுத்த இயர்போன்: அரிசியா, சிலிக்கா ஜெல்லா, கைவிடுவதா?

பாக்கெட்டில் கிடந்த இயர்போன் துணியோடு சேர்ந்து வாஷிங் மெஷினில் துவைபட்டுவிட்டால், எதில் போட்டு உலர்த்துவது என்பதுதான் எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி. சுங்கை சிப்புட்டில் கைப்பேசி பழுதுபார்க்கும் எனக்கு அந்தக் கேள்வி நன்கு பழக்கம். சுற்றியுள்ள தோட்டங்களில் வெளிக்காட்டுக்கும் செம்பனை ஆலைக்கும் போய்வருகிறவர்களின் உடுப்பை அன்றன்றைக்கே துவைத்தாக வேண்டும். பாக்கெட்டைத் துழாவிப் பார்க்க யாருக்கும் பொழுது இருப்பதில்லை. என் கணிப்பில் உலர்த்தும் முறைக்கு இரண்டாம் இடம்தான். உள்ளே பேட்டரி இருக்கிறதா, சோப்பு தங்கியிருக்கிறதா என்ற இரண்டும்தான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கின்றன.

இதை ஒரே துவையலில் நனைந்த இரண்டு இயர்போன்களை வைத்துச் சொல்கிறேன். தோட்டத்திலிருந்து ஓர் அம்மா கொண்டுவந்தார். ஒன்று, பள்ளி விளையாட்டுக் காற்சட்டையில் மகள் மறந்துவிட்ட கம்பி இயர்போன். மற்றொன்று, ஆலையில் வேலை செய்யும் மகனின் கம்பியில்லா இயர்போன். மின்னேற்றும் பெட்டிக்குள் மூடியபடியே துவைபட்டிருந்தது. “அண்ணே, இரண்டு நாளாக அரிசிக்குள்தான் வைத்திருந்தேன். இரண்டுமே சரியாகவில்லையே” என்றார். கம்பியில்லாததைப் பெட்டியிலிருந்து எடுக்காமலேயே அரிசியில் புதைத்திருந்தார்.

முதலில் கம்பி இயர்போன். அதற்குள் இருப்பது ஒரு சிறு காந்தம், அதைச் சூழ்ந்த மெல்லிய செம்புக் கம்பிச் சுருள், அந்தச் சுருளோடு ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு. சவ்வு அதிர்ந்தால் ஒலி. இவற்றில் எதுவும் ஒரு மணி நேரம் தண்ணீரில் கிடந்ததால் மட்டும் பாழாகிவிடுவதில்லை. கைப்பேசியில் செருகாத வரையில் அதற்குள் மின்சாரமும் கிடையாது. ஒலி வராததற்கு வழக்கமான காரணம், வாயிலில் உள்ள நுண்வலையின் கண்களைத் தண்ணீரும் ஊறிய காது அழுக்கும் அடைத்துக்கொள்வதுதான். அந்த அம்மா கொண்டுவந்ததில் இடப்பக்கம் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல் மங்கலாகக் கேட்டது. வலப்பக்கம் சரியாக இருந்தது. மங்கலாகவாவது கேட்கிறது என்றால் சுருள் அறுபடவில்லை என்று பொருள். அது நல்ல சேதி.

இன்னொரு குறியும் அதில் இருந்தது. பாட்டைப் போட்டால் தானாகவே நின்றது, தானாகவே ஓடியது. கம்பியின் நடுவே மைக்கும் பொத்தானும் உள்ள சின்னக் கூட்டுக்குள் ஈரம் இருந்தால் இப்படித்தான் ஆகும். ஈரம் பொத்தானின் இரு முனைகளையும் இணைத்துவிடுவதால், யாரோ அழுத்துகிறார்கள் என்று கைப்பேசி நினைத்துக்கொள்கிறது. பலர் இதைப் பார்த்துவிட்டுக் கைப்பேசியே கெட்டுவிட்டது என்று பயந்துபோய் வருகிறார்கள். இயர்போனைக் கழற்றினால் கைப்பேசி ஒழுங்காக இருக்கும்.

கம்பியில்லாததன் கதை வேறு. ஒவ்வொரு காதுத்துண்டுக்குள்ளும் ஒரு குட்டி லித்தியம் பேட்டரி இருக்கிறது, பெட்டிக்குள் அதைவிடப் பெரியது ஒன்று. அணைத்துவிட்டாலும் மின்சுற்றின் சில இடங்களில் மின்னழுத்தம் இருந்துகொண்டேதான் இருக்கும். சோப்புத் தண்ணீர் நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். மயிரிழை இடைவெளியில் ஓடும் இரு செம்புத் தடங்களுக்கு நடுவே அது புகுந்துகொண்டால், ஒரு தடத்திலிருந்து செம்பு கரைந்து மற்றொன்றை நோக்கி நகர்கிறது. வெறும் தண்ணீர் செய்யும் கேட்டைவிடத் தண்ணீரும் மின்சாரமும் கூடிச் செய்யும் கேடு பல மடங்கு விரைவானது. கம்பி இயர்போனை நாளைக்குக் கவனித்தாலும் பாதகமில்லை. கம்பியில்லாததற்கு ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

அதனால் கம்பியில்லாததை உடனே பெட்டியிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். பெட்டிக்குள் இருக்கும்வரை மின்னேற்றும் ஊசிமுனைகள் வழியாக மின்சாரம் போகப் பார்க்கும். ஈரத்தில் அந்த முனைகள் பச்சை பூத்தோ கறுத்தோ அரித்துப்போகும். ஆனால் வெளியே எடுத்ததும் பெரும்பாலானவை தாமாகவே உயிர்பெற்றுக் கைப்பேசியைத் தேட ஆரம்பிக்கும். எடுத்த கையோடு தொடுபரப்பை நீண்ட நேரம் அழுத்தி அணைக்க வேண்டும். அப்படி அணைக்க வழியில்லாத மாடலாக இருந்தாலும் வெளியே வைப்பதே மேல். இணைப்புக் கிடைக்காவிட்டால் சில நிமிடங்களில் தானே அணைந்துவிடுபவை உண்டு. எக்காரணம் கொண்டும் ‘வேலை செய்கிறதா பார்ப்போம்’ என்று மின்னேற்றக் கூடாது.

“வாங்கிய அட்டைப்பெட்டியில் ‘தண்ணீர் புகாது’ என்று போட்டிருக்கிறதே” என்று கேட்பார்கள். ஐபிஎக்ஸ் 4 என்றால் எத்திசையிலிருந்து தெறிக்கும் நீரையும் தாங்கும் என்று மட்டுமே பொருள்; வியர்வைக்கும் தூறலுக்கும் போதும். ஐபிஎக்ஸ் 7 என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம். இரண்டு சோதனைகளும் வெறும் நீரில் நடப்பவை. சலவைத்தூளோ நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்துவிடுகிறது. நீரை ஒட்டவிடாமல் தடுக்கும் வலையைச் சாதாரண நீர் தாண்டாது, சோப்பு நீர் தாண்டிவிடும். துணியில் சோப்பு ஏறுவதற்கும் இதே குணம்தான் காரணம். மேலும் அந்த எண் பெரும்பாலும் காதுத்துண்டுகளுக்கு மட்டுமே. எல்லா மின்னேற்றும் பெட்டிகளுக்கும் அது பொருந்தாது.

இனி உலர்த்தும் வழிகளுக்கு வருகிறேன். அரிசியை நான் பரிந்துரைப்பதே இல்லை. நம் சமையலறை அரிசி ஏற்கெனவே தன் எடையில் 13, 14 விழுக்காடு ஈரத்தோடுதான் இருக்கிறது. நம் ஊர்க் காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்ட ஒன்று மேலும் எவ்வளவு இழுக்கும்? தவிர, அதன் தவிட்டுத் தூள் ஈர வலையில் ஒட்டிப் பசையாகிறது. ஆப்பிள் நிறுவனமே தன் ஐபோன் வழிகாட்டியில், அரிசிப் பையில் வைக்காதீர்கள், சிறு துகள்கள் சேதப்படுத்தலாம் என்று எழுதியிருக்கிறது. அந்த அம்மாவின் பெட்டியில் மின்னேற்றும் துளையிலிருந்து ஒரு குருணையை நான் ஊசியால் எடுத்தேன்.

மின்விசிறி அரிசியைவிட மேல், ஆனால் இங்கு இரவில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டைத் தாண்டிவிடும். விசிறி எவ்வளவு சுற்றினாலும் அந்தக் காற்றால் கூட்டுக்குள் இருக்கும் துளியை எளிதில் எடுக்க முடியாது. கொஞ்சம் சூடாக்கினால் அதே காற்று வறண்டதாக மாறும். 28 டிகிரியில் 80 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றை 38 டிகிரிக்குக் கொண்டுபோனால், ஈரப்பதம் சுமார் 45 விழுக்காடாக இறங்குகிறது. தொலைக்காட்சி டிகோடர் பெட்டியின் மேல் ஒரு துணியை விரித்து அதில் இயர்போனை வைப்பது நம் வீடுகளில் எல்லாராலும் முடியும். தொட்டால் இதமான சூடு, அதற்கு மேல் போகக் கூடாது. குளிரூட்டி உள்ள அறை இருந்தால் அங்கே விசிறி முன் வைப்பதும் நல்லதுதான், குளிரூட்டி காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிந்துவிடுகிறது.

எல்லாவற்றிலும் சிறந்தது சிலிக்கா ஜெல். இறுக மூடும் புட்டியில், இயர்போனைச் சூழ ஒரு கோப்பையளவு மணிகள். ஆனால் காலணிப் பெட்டியிலிருந்து எடுத்து அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்த பொட்டலங்கள் ஏற்கெனவே நிறைய ஈரத்தைக் குடித்தவை; அவற்றால் பயன் குறைவு. நிறம் மாறும் மணிகளை வாங்குவது உத்தமம். ஆரஞ்சு மணிகள் பச்சையானால் நிறைந்துவிட்டன என்று தெரியும். ஓவனில் சுமார் 120 டிகிரி சூட்டில் ஓரிரு மணி நேரம் வைத்தால் பழைய நிறம் திரும்பும். புகைப்படக் கருவிக் கடைகளிலும் காது கேட்புக் கருவிக் கடைகளிலும் கேட்டால் கிடைக்கும். ஆனால் அலமாரியில் தொங்கவிடும் ஈரம் உறிஞ்சும் டப்பாக்களைப் பயன்படுத்தாதீர்கள். அவற்றில் இருப்பது பெரும்பாலும் கால்சியம் குளோரைடு. ஈரத்தை இழுத்து உப்புநீராகச் சேர்த்து வைக்கும். அதில் ஒரு சொட்டு பட்டாலும் உலோகம் அரிக்கும்.

முடி உலர்த்தி வேண்டாம், பகல் வெயிலில் காரின் முன்பலகையும் வேண்டாம். சவ்வு வளையும், பசை இளகும். லித்தியம் பேட்டரிக்கு 60 டிகிரிக்கு மேல் ஆபத்து. தானியங்கி டோபிக் கடையில் துவைத்த பிறகு சூட்டு உலர்த்தியிலும் சுற்றிவந்த கம்பியில்லா இயர்போனை நான் மின்னேற்றிப் பார்ப்பதே இல்லை.

நீர் காய்ந்தாலும் சோப்பு காய்ந்து போய்விடுவதில்லை. வலையிலும் பலகையிலும் படலமாகத் தங்கும். துணியை மென்மையாக்கும் திரவம் சேர்த்திருந்தால் படலம் இன்னும் பிசுபிசுப்பு. ஆகவே கம்பி இயர்போனை உலர்த்துவதற்கு முன் இன்னொரு முறை நனைக்கச் சொல்கிறேன், இந்தமுறை காய்ச்சி வடித்த நீரில். பெட்ரோல் நிலையங்களில் கார் பேட்டரிக்கு விற்கும் நீர் அதுதான். வாங்கும்போது அமிலம் அல்ல, நீர் என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். சிலிக்கான் மெத்தைகளைக் கழற்றி, காதுப்பகுதியை மெல்ல அலசி, வலை கீழ்நோக்கி இருக்குமாறு துணியில் வைத்து வடியவிட்டு, பிறகு சிலிக்கா புட்டியில் இரண்டு மூன்று நாள். கம்பியில்லாததை இப்படி முக்கக் கூடாது, அதற்குள் பேட்டரி விழித்துக்கொண்டிருக்கிறது. வெளிப்புறத்தையும் ஊசிமுனைகளையும் அந்த நீரில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, ஈரம் ஒற்றியெடுப்பதோடு சரி.

அந்த அம்மாவின் கம்பி இயர்போன் அப்படித்தான் மீண்டது. இடப்பக்கத்தின் கூர்மையான ஒலி திரும்பியது. பொத்தான் மட்டும் இன்னும் சில நாள் அடம்பிடித்துப் பிறகு அடங்கியது. மீளாமல் போயிருந்தால் மீட்டரை வைத்துப் பார்த்திருப்பேன். நல்ல சுருள் பெரும்பாலும் 16 அல்லது 32 ஓம் காட்டும். ஒன்றும் காட்டாவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது. எத்தனை நாள் உலர்த்தினாலும் அதற்குப் பலன் இல்லை.

கம்பியில்லாததில் வலத்துண்டு பிழைத்தது. இடத்துண்டின் முனைகளில் பச்சைப் பூத்திருந்தது. சுத்தம் செய்ததும் விளக்கு எரிந்தது, பாடியது. அம்மாவுக்கு முகமெல்லாம் மகிழ்ச்சி. நான் அப்போதே சொல்லிவிட்டேன்: “அம்மா, இது திரும்பி வந்ததை முழுதாக நம்பாதீர்கள். உள்ளே தொடங்கிய அரிப்பு தொடரும். மகனை அவசரத் தேவைக்கு இதை நம்பவிட வேண்டாம்.” சில வாரங்களில் இடத்துண்டின் மின்னேற்றம் விரைவிலேயே தீரத் தொடங்கி, பிறகு ஒரேயடியாக நின்றது. பெட்டி தொடக்கத்திலிருந்தே மின்னேற்றம் வாங்கவில்லை.

ஆகவே கம்பியுள்ளதற்கு நான் நல்ல நம்பிக்கை கொடுப்பேன். கம்பியில்லாதது உடனே பெட்டியிலிருந்து எடுக்கப்பட்டு, வெயிலும் கடுஞ்சூடும் படாமல், மின்னேற்றப்படாமல் உலர்ந்திருந்தால் பாதி நம்பிக்கை. பெட்டிக்குள் ஈரத்தோடு ஓர் இரவு கிடந்திருந்தால் மிகக் குறைவு. விலையையும் பாருங்கள். இருபது ரிங்கிட் இயர்போனுக்காகச் சிலிக்கா மணிகளைப் புதிதாக வாங்குவது கட்டாது. வீட்டில் காது கேட்புக் கருவிக்கோ புகைப்படக் கருவிக்கோ ஏற்கெனவே இருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள்.

பெட்டியின் இணைப்பு விளிம்பு பிளந்து விரிந்தாலோ, சும்மா இருக்கும்போதே சூடேறினாலோ, இனிப்பான கரைப்பான் வாடை வந்தாலோ அந்த லித்தியம் பேட்டரி கெட்டு ஆபத்தாகிவிட்டது. அதை அழுத்தவோ திறக்கவோ மின்னேற்றவோ கூடாது. எரியும் பொருட்களிலிருந்து தள்ளி, ஓட்டுத்தரையிலோ மண்சட்டியிலோ வைத்து, மின்கழிவு பெறும் இடத்தில் ஒப்படையுங்கள். வீட்டுக் குப்பைப் பையில் போடாதீர்கள்.