விற்பனை சிக்னலை இரண்டாகப் பிரித்தேன்: மூன்று வருட அனுபவம்

என்எஸ்இ பங்குகளுக்காக நான் எழுதிய பைதான் ரொட்டீன் மூன்று வருடமாக ஓடுகிறது. முதல் வருடத்தில் -1 என்ற சிக்னலுக்கு அது ஒரே அர்த்தம்தான் வைத்திருந்தது: இருப்பை மைனஸ் 100க்குக் கொண்டுபோ. கையில் 100 பங்கு இருந்தால் 200 விற்கும், எதுவும் இல்லாவிட்டால் 100 விற்கும்.

ஆனால் கேஷ் சந்தையில், கையில் இல்லாத பங்கை விற்றால் அன்றைக்கே திருப்பி வாங்கியாக வேண்டும். ஒரு நாள், முந்தைய முடிவு விலையிலிருந்து 10 சதவீதம் வரை மட்டுமே விலை நகரக்கூடிய ஒரு பங்கை ரொட்டீன் 203 ரூபாய்க்கு 100 ஷார்ட் செய்தது. முந்தைய நாள் முடிவு விலை 200. மதியம் விலை 220இல் அப்பர் சர்க்யூட்டில் பூட்டிக்கொண்டது. ஸ்டாப் லாஸ் ஆர்டர் வரிசையில் நின்றதோடு சரி, விற்க ஆளே இல்லை. புரோக்கரின் ஸ்கொயர் ஆஃபும் நிறைவேறவில்லை. திரையில் 1,700 ரூபாய் நஷ்டம்.

பங்கைக் கொடுக்க முடியாததால், என் விற்பனை மறுநாள் எக்ஸ்சேஞ்ச் அந்தப் பங்கை வேறொருவரிடம் வாங்கப் பார்க்கும் ஏலத்துக்குப் போனது. அங்கேயும் பங்கு கிடைக்காவிட்டால் பணமாகத் தீர்ப்பார்கள். அந்த விலை, விற்ற நாளிலிருந்து ஏல நாள் வரை வந்த உச்ச விலை அல்லது ஏல நாளின் முடிவு விலையோடு 20 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது. அன்று பங்கு 242இல் முடிந்ததால் கணக்கு 290.40க்குத் தீர்ந்தது. நஷ்டம் 8,740 ரூபாய்.

அப்புறம்தான் சிக்னலைப் பிரித்தேன்:

```python
exit_qty = max(held - pending_sell, 0) if signal < 0 else 0
short_qty = want if signal < 0 and can_short else 0
```

முதல் வரி வெளியேறுவதற்கு, அது எப்போதும் ஓடும். இரண்டாவது, அனுமதி இருந்தால் மட்டும். இரண்டும் தனித்தனி ஆர்டர்களாகப் போகும், வெளியேறும் ஆர்டர் முழுவதும் நிறைவேறிய பிறகே ஷார்ட். எஃப்&ஓ பட்டியலில் உள்ள பங்குக்கு மட்டும் `can_short` உண்மையாகும். ஒரு இரவாவது வைக்க வேண்டுமென்றால் அதன் ஃப்யூச்சர்ஸில் விற்கிறேன். அங்கே அளவு லாட் கணக்கில் என்பதால் `want` ஒரு லாட்டை எட்டாவிட்டால் பூஜ்ஜியம்தான். எஸ்எல்பி என்ற பங்குக் கடன் சந்தையில் பங்கைக் கடன் வாங்கலாம் என்று முயன்றேன். எனக்கு வேண்டிய சிறு பங்குகளில் பெரும்பாலும் தருபவரே இல்லை.

தடுக்கப்பட்ட சிக்னல்களை லாகில் தனியாக எழுதினேன். அதே விதியை பேக்டெஸ்டிலும் போட்டபோது மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. ஷார்ட் பக்கத்தின் லாபத்தில் பெரும்பகுதி, கடன் கிடைக்காத அந்தச் சிறு பங்குகளிலிருந்தே வந்திருந்தது.

வெளியேறும் பக்கத்திலும் ஒரு ஓட்டை உண்டு. நேற்று வாங்கி இன்னும் டீமேட்டுக்கு வராத பங்கை இன்று விற்றால், நமக்கு விற்றவர் பங்கு தராமல் போனால் நம் விற்பனையும் ஏலத்துக்குப் போய்விடும். அதனால் `held`-இல் டீமேட்டுக்கு வந்து சேர்ந்த பங்கை மட்டுமே எண்ணுகிறேன். நேற்று வாங்கியதற்கு விற்பனை சிக்னல் வந்தால் ஒரு நாள் காத்திருக்கிறேன். அதில் சில சமயம் விலை கைவிட்டுப் போயிருக்கிறது, ஆனால் ஏலத்துக்குப் போகும் ஆபத்தாவது இல்லை.