பாகலில் ஹைப்ரிட் விதையா, சொந்த விதையா? கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பந்தல் அனுபவம்

ஹைப்ரிட் நல்லதா, நாட்டு விதை நல்லதா என்று என்னிடம் நிறைய பேர் கேட்கிறார்கள். எந்தக் காய் என்று சொல்லாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. பயறுக்கு நான் கடையில் விதை வாங்குவதே இல்லை, ஏனென்றால் அந்தப் பூ திறப்பதற்கு முன்பே உள்ளுக்குள் சேர்ந்துவிடும், விதை பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். தக்காளியும் ஏறக்குறைய அப்படித்தான். கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் அனகா ரகம் வாடல் நோயைத் தாங்கும், அதில் நல்ல செடியில் பழுத்த பழமாகப் பார்த்து விதை எடுத்தால் அடுத்த போகத்துக்குப் போதும். குழப்பமெல்லாம் பாகல், புடலை, பீர்க்கன் மாதிரி கொடிகளில்தான். நான் பல வருஷமாக ஒரே தோட்டத்தில் ஹைப்ரிட் பாகலும் சொந்த வெள்ளைப் பாகலும் பக்கம் பக்கமாகப் போட்டு வருகிறேன், அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாசல். ஆனி ஆடியில் காற்று பந்தலையே தூக்கும், மழை பாலக்காட்டு டவுனில் பெய்கிற அளவுக்கு இங்கே பெய்யாது. ஓணத்துக்குக் காய் வர வேண்டும் என்றால் வைகாசி கடைசிக்குள் விதை மண்ணில் இருக்க வேண்டும். எனக்குப் பாகல் பந்தல் 25 சென்ட். இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் இடைவெளி விட்டால் 250 குழி வரும்.

முதலில் ஹைப்ரிட்டைப் பற்றி நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். குழித்தட்டில் நாற்று விட்டு குழிக்கு ஒன்று நட்டால் கிட்டத்தட்ட எல்லாமே ஒரே உயரத்தில் ஏறும், சொந்த விதையைவிட முந்திக் காய்க்கும், காய் எல்லாம் ஒரே நீளம். வேலந்தாவளம் சந்தையில் வியாபாரி கூடையைப் பார்த்ததும் விலை சொல்வது அந்த ஒரே சீருக்காகத்தான். ஓண வாரத்தில் விலை நிற்பது சில நாள்தான், அந்த நாளில் கூடை நிறைந்திருக்க வேண்டும். பந்தல் கம்பி, கல்கால், கொடி ஏற்றிவிடும் கூலி இவற்றுக்கு முன்னால் விதைச் செலவு பெரிய தொகையும் கிடையாது. அதனால் பணம் மிச்சம் என்பதற்காக மட்டும் பாகலில் சொந்த விதைக்குப் போக வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

சொந்த விதை தருவது வேறு. முதல் சில பறிப்பில் பின்தங்கும், அப்புறம் ஹைப்ரிட் கொடி களைத்து இலை மஞ்சளாகும்போது இது புதுக் கிளை விட்டுக்கொண்டே இருக்கும். என் தோட்டத்தில் கடைசிப் பறிப்பு எப்போதும் இதில்தான். எரு குறைந்த ஓரக் குழியிலும் ஏமாற்றாது. வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய் வந்தால் இரண்டும் படும், அதில் நாட்டு விதைக்குத் தனிப் பாதுகாப்பு எதுவும் நான் பார்க்கவில்லை. பழ ஈக்கும் அப்படியே.

இப்போது முக்கியமான விஷயம். பக்கத்துத் தோட்டத்தில் பச்சைப் பாகல் ஹைப்ரிட் இருந்தால், உங்கள் வெள்ளைப் பாகலில் தானாகப் பழுத்த காயின் விதையை நம்ப முடியாது. தேனீ இரண்டுக்கும் போய் வரும். சுத்தமாக வேண்டும் என்றால் அரை கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி வேண்டும், நம் சின்னத் தோட்டங்களில் அது நடக்காது. கலந்த விதையை முளையில் கண்டுபிடிக்க வழியில்லை. ஆனால் நிறத்தில் பச்சை வெள்ளையை அடக்கும் குணம், அதனால் கலப்பு நடந்திருந்தால் அடுத்த போகத்தில் வெள்ளைக்கு நடுவே சில கொடி பச்சைக் காய் காட்டும். அந்தக் கொடியைக் கண்டதும் வெட்டிவிடலாம். பக்கத்துக்காரர் போட்டதும் வெள்ளை ஹைப்ரிட் என்றால் இந்த அடையாளம் கிடைக்காது, முள்ளும் நீளமும் மாறுவதை வைத்துத்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஆகவே கையால் சேர்க்க வேண்டும், அது அப்படி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பாகல் பூ விடிகாலையில் திறக்கும். (புடலையும் பீர்க்கனும் சாயங்காலம் திறக்கும், அதற்கு நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.) முந்தின நாள் மாலை, அடியில் பிஞ்சு வைத்து நுனி மஞ்சளாகி நாளைக்குத் திறக்கப் போகும் பெண் மொட்டுக்குச் சின்னக் காகிதக் கூடு மாட்டுங்கள். ஆண் மொட்டுக்கும் அதே மாதிரி, ஆனால் வேறு கொடியில். காலையில் ஆண் பூவைப் பறித்து இதழை உரித்து, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவி, திரும்பக் கூட்டை மூடி இரண்டு நாள் விட வேண்டும். காம்பில் சிவப்பு நூல் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பறிப்புக்கு வருகிற அக்காக்கள் அந்தக் காயையும் கூடையில் போட்டுவிடுவார்கள்.

எத்தனை காய் வேண்டும்? சொந்த விதையை நேரடியாக ஊன்றும்போது குழிக்கு மூன்று போட்டு இரண்டு கொடியை வைக்கிறேன். முழுப் பந்தலுக்கு 750 விதை. ஒரு பழத்தில் சுமார் இருபது நல்ல விதை தேறும், அப்படியானால் நாற்பது பழம். இதை இரண்டு மூன்று கொடியில் எடுத்துவிடாமல் பன்னிரண்டு, பதினைந்து கொடியில் பரப்பி எடுப்பது என் வழக்கம், அப்போதுதான் ரகத்தின் பலம் குறுகாது. பெரிய காயைப் பார்த்து மயங்காமல் கொடியைப் பாருங்கள். தேமல் இல்லாத, கணுவுக்குக் கணு பெண் பூ வைக்கிற கொடிக்குப் பறிப்பு தொடங்கும்போதே துணி கட்டிவிடுவேன்.

காய் ஆரஞ்சு நிறமாகி வெடிக்கப் போகும்போது பறித்து, சிவப்புச் சதையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, மிதக்கும் விதையை ஒதுக்கிவிட்டு நிழலில் காய வைக்க வேண்டும். ஓட்டை உடைத்தால் பருப்பு வளையாமல் ஒடிய வேண்டும், வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அப்படியே பாட்டிலில் அடைத்தால் பூசணம்தான். விதைப்புக்கு முன்னால் இருபது விதையை ஓட்டின் நுனி லேசாகக் கிள்ளி ஊற வைத்து ஈரச் சாக்கில் கட்டிப் பாருங்கள். பதினாறு முளைத்தால் கவலையில்லை, பத்துதான் என்றால் குழிக்கு ஐந்தாறு ஊன்றுங்கள்.

ஹைப்ரிட் காயிலிருந்து விதை எடுத்தால் கேஸ் வருமா என்று ஒரு தம்பி கேட்டார். 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டம் விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பரிமாறவும் விவசாயிக்கு உரிமை தருகிறது, கம்பெனி பெயர் போட்ட பாக்கெட்டாக விற்கத்தான் கூடாது. தடை செடியில்தான் இருக்கிறது. அந்த விதையைப் போட்டால் ஒரே பந்தலில் நீளம், குட்டை, பச்சை, வெளிர்பச்சை என்று எல்லாம் வரும், சந்தையில் அந்தக் கூடையைப் பிரித்துத்தான் விலை பேசுவார்கள்.

இப்போது என் கணக்கு இப்படி: ஓணப் பந்தலில் 150 குழி ஹைப்ரிட், 100 குழி சொந்த வெள்ளை. மார்கழிப் போகத்துக்கு முழுக்கச் சொந்த விதை, அப்போது விலை ஏற்றம் ஒரு வாரத்தில் முடிவதில்லை, நீண்டு காய்ப்பதுதான் உதவும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் கிருஷி பவனில் ப்ரீத்தி ரகம் இருக்கிறதா என்று கேளுங்கள். அது பல்கலைக்கழகத்தின் வெள்ளைப் பாகல், ஹைப்ரிட் கிடையாது, அதிலிருந்து தாராளமாக விதை எடுக்கலாம். மாலையும் காலையும் பந்தலுக்கு வர முடியாதவர்கள், தோட்டத்தைக் கூலியாளிடம் விட்டிருப்பவர்கள், பாகலுக்குப் பாக்கெட்டையே வாங்குங்கள், சொந்த விதையைப் பயறிலும் தக்காளியிலும் தொடங்குங்கள்.