டிக் அடிக்கும் தாளா, எண்ணும் தாளா? சக ஆசிரியரின் பி.டி. வகுப்பைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

போன மாதம் எங்கள் பள்ளியில் சக உடற்கல்வி ஆசிரியர் ஒருவரின் வகுப்பை இரண்டு தாள்களோடு போய்ப் பார்த்தேன். எட்டாம் வகுப்பு, 36 பிள்ளைகள், 40 நிமிட பீரியட், நான்கு வாலிபால். அன்றைய பாடம் அண்டர்ஆர்ம் சர்வீஸ்.

முதல் தாள் வழக்கமான டிக் தாள். வார்ம்-அப் நடந்ததா, செய்து காட்டினாரா, மைதானம் பாதுகாப்பாக இருந்ததா என்று பன்னிரண்டு கேள்விகள், ஆம் அல்லது இல்லை. பன்னிரண்டிலும் ஆம் விழுந்தது. அதை வைத்துக்கொண்டு அவரிடம் என்ன பேசுவது? "நல்லா இருந்துச்சு சார்" என்பதைத் தவிர எதுவும் இல்லை.

இரண்டாவது தாளில் இரண்டே வேலை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மைதானத்தை இடமிருந்து வலமாக ஒரு பார்வை பார்த்து, அந்த நேரத்தில் எத்தனை பேர் உடம்பை அசைத்து எதையாவது செய்துகொண்டிருக்கிறார்கள் என்று எண்ணி எழுத வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் ஒரே ஒரு பிள்ளையைக் கவனித்து, அவன் கை பந்தில் படும்போதெல்லாம் ஒரு கோடு போட வேண்டும். நன்றாக ஆடுகிறவனை எடுக்கக் கூடாது. வரிசையின் நடுவில் நிற்கிறவன்தான் சரி. நாமும் ஆசிரியர் பக்கத்தில் நிற்காமல் முழு மைதானமும் தெரிகிற மூலையில் நிற்க வேண்டும். இதையே இன்னும் நுணுக்கமாகச் செய்யும் சோஃபிட் என்ற முறை 1991-இல் அமெரிக்காவில் வந்தது. அதில் பத்து விநாடி பார்த்து, அடுத்த பத்து விநாடியில் பதிய வேண்டும். ஆய்வுக்கு அது சரி, நமக்கு ஐந்து நிமிடக் கணக்கு போதும்.

அன்றைக்கு எழுதியது இது. ஐந்தாவது நிமிடம், வருகைப் பதிவு: 0. பத்தாவது நிமிடம், ஓட்டம்: 36. பதினைந்தில் அவர் செய்து காட்டினார்: 0. இருபது, இருபத்தைந்து, முப்பதில் சர்வீஸ் பயிற்சி: ஒவ்வொரு முறையும் 6. முப்பத்தைந்தில் ஆட்டம்: 12. ஏழு பார்வையையும் கூட்டினால் 252-க்கு 66, கால்வாசியை ஒட்டித்தான் வருகிறது. நான் கவனித்த பையன் பதினைந்து நிமிடப் பயிற்சியில் நான்கு முறை சர்வீஸ் போட்டான்.

மதிய இடைவேளையில் தாளை அப்படியே அவரிடம் கொடுத்தேன், கருத்து எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இவன் மீதி நேரம் பூரா நின்னுட்டுத்தான் இருந்தானா?" என்று அவரே கேட்டார். அப்புறம்தான் காரணத்தைப் பேசினோம். ஒரு பந்துக்கு ஒன்பது பேர். போட்டவனே ஓடிப்போய்ப் பந்தை எடுத்து வர வேண்டும். ஒரே ஒரு மாற்றம் மட்டும் முடிவு செய்தோம்: ஒன்பது பேரை வலைக்கு இரண்டு பக்கமும் பிரித்து நிறுத்துவது. இங்கிருந்து போடுகிற பந்தை அங்கே பிடித்தவன் திருப்பிப் போடுவான், ஓட்டம் மிச்சம். அதே நான்கு பந்துதான். அடுத்த வாரம் அதே பையன் ஒன்பது முறை போட்டான்.

ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போடும் தாளும் உண்டு. அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நான் மூன்று போடுவதற்கு இன்னொருவர் நான்கு போடுவார், பேச்சு பாடத்தை விட்டு மதிப்பெண்ணுக்குப் போய்விடும்.

எண்ணும் தாளுக்கும் குறை உண்டு. பையன் ஒன்பது முறை போட்டதைச் சொல்லும், சரியாகப் போட்டானா என்று சொல்லாது. அதனால் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: அன்றைய பாடத்தின் ஒரே ஒரு குறிப்பு, பத்து சர்வீஸில் எத்தனை முறை சரி. அன்று நாங்கள் எடுத்தது காலின் நிலை. வலக்கைக்காரன் இடக்காலை முன்னே வைக்க வேண்டும். புதிதாகக் கற்கிறவர்கள் பலர் அடிக்கிற கைப் பக்கத்துக் காலையே முன்னே வைப்பார்கள். எந்தக் குறிப்பு என்பதை முன்கூட்டியே அவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். அவர் சொல்லித் தராததை நாம் எண்ணினால் நியாயமில்லை.

உயரம் தாண்டுதலுக்கு இந்தத் தாளை அப்படியே எடுத்துப் போகாதீர்கள். ஒரே மெத்தையில் ஒருவர் இறங்கி நகர்ந்த பிறகுதான் அடுத்தவர் ஓடி வர முடியும், அங்கே காத்திருப்பது பாதுகாப்பு. உச்சி வெயிலில் நிழலில் உட்கார வைத்த நேரத்தையும் கணக்கில் சேர்க்கக் கூடாது.

டிக் தாளை முழுதாகத் தூக்கிப் போடவும் இல்லை. தரை கல், கண்ணாடித் துண்டு இல்லாமல் இருக்கிறதா, வலைக் கம்பம் ஆடாமல் நிற்கிறதா, முதலுதவிப் பெட்டி மைதானத்துக்கு வந்ததா, உடம்பு முடியாத பிள்ளை யார் என்று கேட்டாரா: இவை ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடியவை. இந்த நான்கை மட்டும் எண்ணும் தாளின் தலையில் வைத்து, விசில் ஊதும் முன்பே டிக் அடித்துவிடுகிறேன். அதில் ஒன்று இல்லை என்று வந்தாலும் இடைவேளை வரை காத்திருப்பதில்லை, அப்போதே போய்ச் சொல்லிவிடுகிறேன்.