1184, 1210: நட்பு எண்களா என்று பார்க்க இரண்டு வழிகள்

ஓர் எண்ணின் காரணிகளில் அந்த எண்ணை மட்டும் விட்டுக் கூட்டினால் இரண்டாவது எண் வரவேண்டும். அதற்கும் அப்படியே கூட்டினால் முதல் எண்ணுக்கே திரும்பவேண்டும். அதுதான் நட்பு எண் ஜோடி. ஆய்லர் திரட்டிய ஏராளமான ஜோடிகளில் 1184, 1210 விடுபட்டிருந்தது. 1866இல் நிக்கோலோ பகனினி என்ற 16 வயது இத்தாலியச் சிறுவன் அதைக் கண்டுபிடித்தான்.

முதல் வழி பட்டியல். 1184ஐ 34 வரை வகுத்தால் போதும், ஈவும் ஒரு காரணிதான். 1, 2, 4, 8, 16, 32, 37, 74, 148, 296, 592, கூட்டினால் 1210. எளிய வழி, ஆனால் ஒரு காரணி விடுபட்டாலும் விடை தவறும், தவறியது கண்ணில் படாது.

எனக்குப் பிடித்தது பகாக் காரணி வழி. 1184 = 2⁵ × 37. ஆகவே எல்லாக் காரணிகளின் கூடுதல் (1+2+4+8+16+32) × (1+37) = 63 × 38 = 2394. இதில் 1184உம் சேர்ந்திருக்கிறது, கழித்தால் 1210. அடுத்து 1210 = 2 × 5 × 11². கூடுதல் 3 × 6 × 133, மீண்டும் 2394! கழித்தால் 1184.

இங்கே சரிபார்ப்பும் கூடவே கிடைக்கிறது: நட்பு ஜோடி என்றால் இரண்டு கூடுதல்களும் சமம், அதுவே 1184 + 1210. எண்கள் மிகப் பெரிதானால் பகாக் காரணிகளைப் பிரிப்பதுதான் கடினம்.

ஒரு பக்கம் மட்டும் பார்த்து நிறுத்தக்கூடாது. 12 தருவது 16, ஆனால் 16 தருவது 15.