முணுமுணுத்தானா, முனகினானா, கிசுகிசுத்தானா?

மொழிபெயர்ப்புக் கதைகளின் படிகளைத் திருத்தும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். அதிகம் அடித்துத் திருத்திய சொல் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: முணுமுணுத்தான். ஆங்கிலத்தில் மர்மர், மட்டர், மம்பிள், விஸ்பர் என்று நாலு வினைகள் வந்தால், நாலுக்கும் இந்த ஒன்றையே போட்டுவிடுகிறார்கள். ஏதோ தாழ்ந்த குரலில் பேசினான், அவ்வளவுதானே என்ற நினைப்பு. தமிழில் இந்த வினைகள் குரலின் அளவை மட்டும் சொல்வதில்லை. யாருக்குக் கேட்க வேண்டும் என்று நினைத்துப் பேசுகிறான் என்பதையும் சேர்த்தே சொல்கின்றன.

ஒரு காட்சியை வைத்துப் பார்ப்போம். பாட்டியின் சுருக்குப்பையில் இருந்த 200 ரூபாயைக் காணோம். வீட்டில் எல்லோர் கண்ணும் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பேரன் மேல். அவன் சொல்வது ஒரே வாக்கியம்: "நான் எடுக்கல."

"நான் எடுக்கல" என்று முணுமுணுத்தான். இந்தப் பையன் எடுக்கவில்லை என்றே எனக்குத் தோன்றும். எது காணாமல் போனாலும் தன்னைத்தான் கேட்கிறார்கள் என்ற மனக்குறை அதில் இருக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, பாதி கேட்கும்படி சொல்கிறான். அந்தப் பாதி முக்கியம். முழுதாகக் கேட்டால் "என்னடா எதிர்த்துப் பேசுற" என்று அடி விழும். கேட்காமலே போய்விட்டால் சொல்லியும் பயனில்லை. முணுமுணுப்பு இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிற பேச்சு. "என்னடா முணுமுணுக்கிற?" என்று அப்பா கேட்டதும் "ஒண்ணுமில்ல" என்று பின்வாங்க இடம் வைத்துக்கொண்டு பேசுவது.

"நான் எடுக்கல" என்று கிசுகிசுத்தான். உடனே காட்சியில் இன்னொரு ஆள் வந்துவிடுகிறாள். அக்காவாக இருக்கலாம், பக்கத்தில் உட்கார்ந்து காதைக் கொடுத்திருக்கிறாள். யார் எடுத்தது என்பது இருவருக்கும் தெரியும் போலிருக்கிறது. பையன் தனியாள் இல்லை, அவனுக்குக் கூட்டாளி உண்டு.

"நான் எடுக்கல" என்று முனகினான். இப்போது அவன் படுத்திருக்கிறான். காய்ச்சலாக இருக்கலாம், இல்லை அடி வாங்கிவிட்டுச் சுருண்டு கிடக்கலாம். வார்த்தை அவனை மீறி வருகிறது. கேட்க ஆள் இருக்கிறதா என்ற கணக்கே இல்லை.

"நான்... நான் எடுக்கல..." என்று மென்று விழுங்கினான். இவன் எடுத்துவிட்டான். வேறு சாட்சி வேண்டாம்.

வினை ஒன்று மாறியதும் ஒரே பையன் குற்றமற்றவன், கூட்டாளி, நோயாளி, திருடன் என்று நாலு பேராகிவிட்டான். கதாசிரியர் எங்கும் அவனைப் பற்றி ஒரு வார்த்தை விளக்கவில்லை.

முதலில் முணுமுணுப்பையும் கிசுகிசுப்பையும் எடுத்துக்கொள்கிறேன். அதிகம் குழப்பிக்கொள்வது இந்த இரண்டைத்தான். தொண்டைமேல் இரண்டு விரலை வைத்து "வீட்டுக்கு வா" என்று தாழ்ந்த குரலில் சொல்லிப் பாருங்கள், விரலில் அதிர்வு தெரியும். அதையே பக்கத்து ஆள் காதில் ரகசியமாகச் சொல்லுங்கள், அதிர்வு நின்றுவிடும். ரகசியம் பேசும்போது குரல்நாண்கள் அதிர்வதில்லை, வெறும் காற்றுதான் உரசிக்கொண்டு வெளியே வருகிறது. முணுமுணுக்கும்போது குரல் இருக்கிறது, வாய்தான் சரியாகத் திறப்பதில்லை. இந்த வேறுபாட்டைச் சொற்களே காட்டிவிடுகின்றன. முணுமுணுவில் இருப்பவை மகரமும் ணகரமும், மூக்கு வழியாக வரும் ஓசைகள். கிசுகிசுவின் நடுவில் காற்று உரசும் சகரம். ஆங்கிலத்திலும் குரலோடு வரும் மூன்று சொற்கள் மகரத்தில் தொடங்குகின்றன, காற்றோடு வரும் விஸ்பருக்கு நடுவில் ஸகரம் என்பதைக் கவனித்தபோது எனக்கு மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது.

இதனால் ஒரு நடைமுறை விளைவு உண்டு. பாட்டை முணுமுணுக்கலாம், மந்திரத்தை முணுமுணுக்கலாம். பாட்டைக் கிசுகிசுக்க முடியாது. குரல்நாண் அதிராமல் சுருதி எங்கிருந்து வரும்? "பழைய பாட்டொன்றைக் கிசுகிசுத்தபடி கோலம் போட்டாள்" என்று ஒரு படியில் வந்தது. அந்தப் பாட்டு நம் காதில் விழவே விழாது. இன்னொன்று, காற்றாக வரும் பேச்சை வைத்து ஆளை அடையாளம் காண்பது கஷ்டம். இருட்டில் யாரோ கிசுகிசுத்தார்கள், யாரென்று தெரியவில்லை என்று எழுதினால் நம்பலாம். இருட்டில் மாமியார் முணுமுணுத்தால் மருமகளுக்குத் தெரியாமல் போகாது.

முணுமுணுப்புக்கு எப்போதும் மனக்குறைதான் பொருளா என்றால், இல்லை. எதை முணுமுணுக்கிறார் என்று சொல்லிவிட்டால் (பாட்டை, சுலோகத்தை, கணக்கை) குறை மறைந்துவிடும். செயப்படுபொருள் இல்லாமல் தனியாக நிற்கும்போதுதான் புகார் வாசனை அடிக்கிறது. செய்தித்தாளில் "கட்சிக்குள் முணுமுணுப்பு" என்றால் அதிருப்தி என்பதைத் தவிர வேறு அர்த்தமே கிடையாது. அதோடு, இது கீழே இருப்பவரின் வினை. குமாஸ்தா முணுமுணுப்பார், மருமகள் முணுமுணுப்பாள், மாணவன் முணுமுணுப்பான். மேலதிகாரி தன் அறையில் உட்கார்ந்து முணுமுணுத்தார் என்று படித்தால், அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார், அங்கிருந்து இப்போதுதான் ஏதோ வந்திருக்கிறது என்று மனம் ஊகித்துக்கொள்ளும். அவர் தன் ஊழியரிடம் கோபப்பட்டால் உறுமுவார், முணுமுணுக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

கிசுகிசுவின் சிக்கல் வேறு. சினிமாப் பத்திரிகைகள் அதைப் பெயர்ச்சொல்லாக எடுத்துக்கொண்டு போய்விட்டன. யாருக்கும் யாருக்கும் காதல் என்ற துணுக்குக்குக் கிசுகிசு என்றே பெயர் நிலைத்துவிட்டது. அந்த நிறம் வினையிலும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. மரணப் படுக்கையில் தாத்தா கடைசியாகக் காதில் சொன்னதைக் "கிசுகிசுத்தார்" என்று எழுத எனக்குக் கை வராது. பேச்சு வழக்கில் வரும் குசுகுசு இன்னும் விலகி நிற்கிறது. "அங்க என்ன குசுகுசுன்னு பேச்சு?" என்று கேட்பவர் வெளியே விடப்பட்டவர். அதாவது கிசுகிசு பேசுகிறவர்களின் பக்கமிருந்து பார்க்கவும் இடம் தரும், குசுகுசு எப்போதும் வெளியாளின் பார்வை. இரண்டும் பொருந்தாத இடத்தில் "காதைக் கடித்தான்" இருக்கிறது. அவசரமாக, நாலு பேர் நடுவில், குனிந்து ஒரு சேதி சொல்லிவிட்டுப் போவதற்கு இதைவிட நல்ல தொடர் கிடையாது. கல்யாண வீட்டில் சமையற்காரர் பெண்ணின் அப்பாவிடம் வந்து காதைக் கடித்தார் என்றால், பந்தியில் ஏதோ தீர்ந்துபோய்விட்டது என்று புரிந்துவிடும்.

எந்த வினை தனியாளுடையது, எது இருவருடையது என்று சந்தேகம் வந்தால் கூடவே "கொண்டான்" சேர்த்துப் பார்ப்பது என் வழக்கம். முணுமுணுத்துக்கொண்டான் சரியாக நிற்கிறது, தனக்குத்தானே என்று பொருள் தருகிறது. கிசுகிசுத்துக்கொண்டான் நிற்காது. கிசுகிசுத்துக்கொண்டார்கள் என்றால் நிற்கும், ஒருவருக்கொருவர் என்று ஆகிவிடும். மென்று விழுங்கிக்கொண்டான் என்றால் தோசையைத்தான் விழுங்க வேண்டும். முனகிக்கொண்டான் நிற்கும், ஆனால் அங்கே வலி போய்ச் சலிப்பு வந்துவிடுகிறது. தண்ணீர் லாரி வரும் நேரத்தில் படுக்கையைவிட்டு எழுந்திருப்பவனின் முனகல் அது.

முனகலுக்கு இன்னொரு எல்லையும் உண்டு. அது நீண்ட வாக்கியத்தைத் தாங்காது. "தண்ணி", "அம்மா", "போதும்" என்று ஓரிரு சொல் தாங்கும். "நாளைக் காலையில் வக்கீலைப் பார்த்துப் பத்திரத்தை வாங்கிவிடு என்று முனகினார்" என்பதில் வாசகருக்கு முனகலும் நம்பிக்கையாக இல்லை, பத்திரமும் நம்பிக்கையாக இல்லை.

மம்பிளுக்கு நேர்ச்சொல் தமிழில் இல்லை என்று மொழிபெயர்ப்பாளர்கள் குறைப்பட்டுக்கொள்வதுண்டு. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. ஏன் தெளிவில்லை என்று கேட்டுவிட்டுத்தான் தமிழ் வினையைத் தருகிறது. நாக்கு ஒத்துழைக்கவில்லை என்றால் குழறினான்: குடி, பயம், தூக்கம், பக்கவாதம் எதுவாகவும் இருக்கலாம். புத்தி ஒத்துழைக்கவில்லை என்றால் உளறினான். அங்கே ஓசை தெளிவாகவே இருக்கலாம், சொன்ன சேதிதான் தாறுமாறு, அல்லது சொல்லியிருக்கக் கூடாதது. மனம் ஒத்துழைக்கவில்லை என்றால் மென்று விழுங்கினான். கூச்சம் என்றால் வாய்க்குள்ளேயே சொன்னான். பெண் பார்க்க வந்த இடத்தில் படிப்பைப் பற்றிக் கேட்டபோது மாப்பிள்ளைப் பையன் வாய்க்குள்ளேயே சொன்னான் என்றால் வெட்கம், மென்று விழுங்கினான் என்றால் பட்டம் இல்லை. பெண் வீட்டாருக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

மர்மர்தான் உண்மையிலேயே கஷ்டம் கொடுக்கிறது. ஆங்கிலத்தில் அதற்குக் குறை சொல்லும் பொருளும் உண்டு என்றாலும், கதைகளில் பெரும்பாலும் அன்போடு, அமைதியாகச் சொல்வதற்கே வருகிறது. அகராதியில் முணுமுணு என்று இருக்கும், போட்டால் அன்பு போய்விடும். சமீபத்தில் திருத்திய ஒரு கதையில், பனிக்காலத்தில் வாசலில் நிற்கும் கிழவிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சூப் கொண்டுவந்து கொடுக்கிறார். "நன்றி" என்று முணுமுணுத்தாள் என்று படியில் இருந்தது. படித்ததும் எனக்குக் கிழவிமேல் கோபம் வந்தது: கொடுத்தவர்மேல் என்ன வருத்தம் இவளுக்கு, சூப் ஆறிப்போயிருந்ததா? மூலத்தைப் பார்த்தேன், மர்மர். "நன்றி என்று மெல்லச் சொன்னாள்" என்று மாற்றினேன். அப்புறம் அதையும் அடித்துவிட்டு, "நன்றி என்றாள், குரல் எழும்பவில்லை" என்று எழுதினேன். மொழிபெயர்த்தவர் தொலைபேசியில் கூப்பிட்டு, மூலத்தில் குரல் எழும்பவில்லை என்று இல்லையே என்றார். இருவரும் கொஞ்ச நேரம் பேசி, கடைசியில் "மெல்ல"வுக்கே திரும்பினோம்.