காசு வெட்டுப்பட்டது, ஓடர் மட்டும் பெண்டிங்

மட்டக்களப்பில் இருக்கும் நண்பன் போன வாரம் கேட்டான்: "மச்சான், நீ பாவிக்கிற பேமண்ட் கேட்வே கட்டணத்தைக் குறைச்சிருக்காம். எங்கட கடைக்குப் போடலாமா?" போடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் போன சீசன் நினைவுக்கு வந்துவிட்டது. கட்டண வீதமும் இணைக்கும் முறையும் எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன். இவ்வளவு காலம் பாவித்த பிறகும் எனக்கு ஆறாமல் இருப்பது ஒரே ஒரு விஷயம்தான்.

நான் பராமரிக்கும் தளம் நிலாவெளியில் இருந்து புறாமலைக்குப் போகும் படகுகளில் இருக்கை விற்கிறது. மே முதல் செப்டம்பர் வரை கடல் அடங்கியிருக்கும், வியாபாரமும் அந்த மாதங்களில்தான். போயா விடுமுறை சனி ஞாயிறோடு சேர்ந்து வந்தால் இருக்கைகள் முதல் நாள் இரவே முடிந்துவிடும். அதனால் அரை மணித்தியாலத்துக்குள் காசு கட்டாத ஓடரை சேர்வர் தானாகவே ரத்துச் செய்து, இருக்கையைத் திரும்ப விற்பனைக்கு விடும்.

அப்படியொரு வெள்ளிக்கிழமை மாலை, கொழும்பில் இருந்து வந்த குடும்பம் நான்கு இருக்கைக்கு 14,000 ரூபா கட்டியது. ஓடிபி அடித்தார்கள், வங்கியில் இருந்து மெசேஜ் வந்தது, எங்கள் நன்றிப் பக்கமும் திறந்தது. ஆனால் எங்கள் தரவுத்தளத்தில் ஓடர் pending என்றே கிடந்தது. அரை மணித்தியாலம் கழிந்ததும் ரத்தாகி, அதே இருக்கைகள் வேறொரு குடும்பத்துக்கு விலைப்பட்டன. காலையில் படகுக்காரர் அழைத்தார்: "தம்பி, ரெண்டு குடும்பம் நிக்குது. ரெண்டு பேரும் காசு கட்டின மெசேஜ் காட்டுறாங்க. நான் யாரை ஏத்துறது?" பக்கத்துப் படகில் இடம் இருந்ததால் அன்று தப்பினோம்.

கேட்வே இரண்டு வழியில் பதில் தரும். ஒன்று, வாடிக்கையாளரின் உலாவியை நம் நன்றிப் பக்கத்துக்குத் திருப்பி அனுப்புவது. அதை நம்பி ஓடரை paid ஆக்கக் கூடாது, அந்த முகவரியை யாரும் கையால் தட்டித் திறக்கலாம். மற்றது வெப்ஹூக்: கேட்வேயின் சேர்வர் நேரடியாக நம் சேர்வருக்கு ஒப்பமிட்டு அனுப்பும் POST. நம்ப வேண்டியது அதைத்தான். அன்று வராததும் அதுதான்.

சப்போர்ட்டுக்கு எழுதினால், "எங்கள் பக்கத்தில் பணம் வெற்றி, அறிவிப்பும் அனுப்பப்பட்டது" என்று பதில். கேட்வே தளத்தின் வணிகர் பக்கத்தில் பச்சை நிறத்தில் வெற்றி என்று இருக்கிறது. அனுப்பிய வெப்ஹூக்குக்கு என்ன ஆனது என்று பார்க்க ஓர் இடம் இல்லை. மறுபடி அனுப்ப ஒரு பட்டன் இல்லை. அவர்களாகவும் இரண்டாம் முறை முயல்வதில்லை. என் கோபம் முழுக்க இங்கேதான்.

எங்கள் அக்சஸ் லொக்கைப் பார்த்தேன். இந்தக் கட்டத்தில் லொக்கில் என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்பது முக்கியம். POST வந்து 403 என்றிருந்தால் ஃபயர்வோல் தடுத்திருக்கிறது. 301 என்றால் www இல்லாத முகவரியைக் கொடுத்து, திருப்பிவிட்டதில் தொலைந்திருக்கிறது. லாராவெல்லில் 419 என்றால் சிஎஸ்ஆர்எஃப் சோதனை. எங்கள் லொக்கில் இவை எதுவும் இல்லை. நன்றிப் பக்கத்தின் GET மட்டும் இருந்தது, POST வரியே இல்லை. அப்படியென்றால் கோரிக்கை எச்டிடிபி என்ற நிலைக்கே வந்து சேரவில்லை.

அந்த வாரம்தான் ஹோஸ்டிங் நிறுவனம் எஸ்எஸ்எல் சான்றிதழைப் புதுப்பித்திருந்தது. குரோமில் திறந்தால் எந்த எச்சரிக்கையும் இல்லை. வேறொரு லினக்ஸ் சேர்வரில் இருந்து கேட்டுப் பார்த்தேன்:

```
$ curl -I https://<தளம்>/pay/notify
curl: (60) SSL certificate problem: unable to get local issuer certificate
```

நம் சான்றிதழுக்கும் உலாவி நம்பும் வேர்ச் சான்றிதழுக்கும் நடுவில் இடைச்சான்றிதழ் ஒன்று உண்டு. அதையும் நம் சேர்வர்தான் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டாலும் குரோம் சான்றிதழுக்குள் எழுதியிருக்கும் முகவரிக்குப் போய்த் தானே எடுத்துக்கொள்ளும், அதனால் மனிதர்களுக்குக் குறை தெரியாது. கேட்வேயின் சேர்வர் நிரல் அப்படித் தேடிப் போகாது, இணைப்பை அங்கேயே முறித்துவிடும். என்ஜின்எக்ஸ் இதை info மட்டத்தில்தான் பதியும். error_log வழமையான error மட்டத்தில் இருந்தால் அங்கேயும் ஒரு வரி விழாது. திருத்தம் ஒரு சொல் மட்டுமே, cert.pem என்று இருந்த இடத்தில்:

```
ssl_certificate /etc/letsencrypt/live/<தளம்>/fullchain.pem;
```

ரீலோட் செய்ததும் அடுத்த ஓடரின் வெப்ஹூக் வந்து இறங்கியது. ஆனால் இடையில் கட்டப்பட்டவற்றுக்கான அறிவிப்புகள் போனவை போனவைதான். அவற்றை ஒவ்வொன்றாக வணிகர் பக்கத்தோடு ஒப்பிட்டுக் கையால் சரிசெய்தோம். இணைப்பு அறுந்தது என்று கேட்வேக்கு அந்தக் கணமே தெரியும். அதை எங்களுக்குக் காட்டியிருந்தால் வெள்ளி மாலையே முடிந்திருக்கும். ஸ்ட்ரைப் மூன்று நாள் வரை திரும்பத் திரும்ப அனுப்பும், ஒவ்வொரு முயற்சியின் பதிலையும் காட்டும். இலங்கை வியாபாரத்துக்கு அதில் கணக்குத் திறக்க முடியாது என்பதால்தான் நாங்கள் இங்கே இருக்கிறோம்.

சரி, நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். ஓடர் இலக்கத்தைக் கொடுத்தால் பணத்தின் நிலையைச் சொல்லும் ஏபிஐ ஒன்று இவர்களிடம் இருக்கிறது, அது அருமையாக வேலை செய்கிறது. தனியாக விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும், அதனாலேயே பலர் தொடுவதில்லை. இப்போது நன்றிப் பக்கம் திறந்ததும் எங்கள் சேர்வர் அதைக் கேட்கிறது. பத்து நிமிடத்துக்கு மேல் pending ஆக இருக்கும் ஓடர்களை ஒரு கிரொன் வேலை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை விசாரிக்கிறது. இருக்கையை விடுவிக்கும் முன்னரும் கடைசியாக ஒரு தடவை கேட்கும். கேட்வேயிடம் இருந்து பதில் கிடைக்காவிட்டால் ஓடர் ரத்தாகாது, அடுத்த சுற்றுவரை காத்திருக்கும்.

வெப்ஹூக்கும் கிரொனும் ஒரே நேரத்தில் வந்தால் இரண்டு டிக்கெட் போய்விடுமே என்று கேட்பீர்கள். தொகையைச் சரிபார்த்த பிறகு இரண்டு வழியும் இந்த ஒரே வரியைத்தான் ஓட்டும்:

```sql
UPDATE orders SET status = 'paid', payment_id = ?
WHERE order_id = ? AND status = 'pending';
```

ஒரு வரிசை மாறியது என்று பதில் வந்தால் மட்டும் டிக்கெட் அனுப்பப்படும். பின்னால் வருபவருக்குப் பூச்சியம்தான் கிடைக்கும்.

இதெல்லாம் போட்ட பிறகு அந்தச் சிக்கல் திரும்பவில்லை. காசும் சொன்ன நாளில் வங்கிக்கு வந்துவிடுகிறது, அதில் இவர்களைக் குறை சொல்லவே முடியாது. கட்டணத்தையும் குறைத்திருக்கிறார்கள்.

ஆகவே மச்சான், உன் கடைக்குப் போடு. அந்த நிலை கேட்கும் ஏபிஐக்கு அனுமதி வரும்வரை மட்டும் லைவுக்குப் போகாதே. என்னைக் கேட்டால், அடுத்த தளத்துக்கு இவர்களை நான் எடுக்கப்போவதில்லை. வெப்ஹூக் போனதா, போய் என்ன பதில் கிடைத்தது என்று காட்டும் ஒரு பக்கத்தை அவர்கள் திறந்தால் அப்புறம் யோசிக்கலாம்.