பிலிப்ஸ் கோடு நகர்வது எதனால்: எதிர்பார்ப்பாலா, எண்ணெயாலா?

1961-இல் அமெரிக்காவில் வேலையின்மை 6.7 சதவீதம், பணவீக்கம் 1 சதவீதம். 1969-இல் வேலையின்மை 3.5-க்கு இறங்கியது, பணவீக்கம் ஐந்தரையைத் தொட்டது. இடைப்பட்ட ஆண்டுகளையும் புள்ளிகளாக வைத்து இணைத்தால் இடமிருந்து வலமாகச் சரியும் அழகான கோடு கிடைக்கும்; இதுதான் பிலிப்ஸ் கோடு. ஒன்றைக் குறைக்க மற்றதைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் போதும் என்று நம்ப வைத்த கோடு அது. 1970-க்குப் பிறகு வந்த புள்ளிகள் அதன்மேல் உட்காரவில்லை. 1975-இல் வேலையின்மை 8.5, பணவீக்கம் 9.1. கோடே மேலே நகர்ந்துவிட்டது.

நகர்த்தியது யார் என்பதற்கு இரண்டு விடைகள் உண்டு. மக்களின் பணவீக்க எதிர்பார்ப்பு ஏறியது என்பது ஒன்று. பொருளியலாளர்கள் மில்டன் ஃப்ரீட்மனும் எட்மண்ட் ஃபெல்ப்ஸும் கோடு உடைவதற்கு முன்பே, 1967-68-இல், இதைச் சொல்லிவிட்டார்கள். 1973 அக்டோபரில் தொடங்கிய எண்ணெய்த் தடை போல, பொருள் வரத்து திடீரெனக் குறைந்து விலை ஏறும் அளிப்பு அதிர்ச்சி என்பது மற்றொன்று. மூன்று டாலர் அளவில் இருந்த பீப்பாய் சில மாதங்களில் பன்னிரண்டை நெருங்கியது. வரைபடத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். வேறுபாடு அடுத்த ஆண்டுதான் வெளிப்படும்.

```
π = πe − 0.5 (u − u*) + v
```

π பணவீக்கம், πe எதிர்பார்க்கும் பணவீக்கம், u வேலையின்மை, u* பணவீக்கம் எதிர்பார்த்த அளவிலேயே நிற்கும் இயல்பு வேலையின்மை, v அளிப்பு அதிர்ச்சி. கணக்குக்காக u* 5, πe 2 என்று வைப்போம், 0.5 என்பதும் நாம் வைத்துக்கொண்டதுதான்.

முதலில் எதிர்பார்ப்பு. அரசு செலவைக் கூட்டி வேலையின்மையை 3-க்கு இறக்குகிறது. பணவீக்கம் 3 ஆகிறது. மறு ஆண்டு சம்பளம் பேசும்போது தொழிலாளர்கள் 3-ஐ அடிப்படையாக வைத்துத்தான் கேட்பார்கள். அதே 3 சதவீத வேலையின்மைக்கு இப்போது பணவீக்கம் 4. போதும் என்று அந்த மறு ஆண்டிலேயே வேலையின்மையை 5-க்குத் திருப்பினாலும் பணவீக்கம் பழைய 2-க்கு வராது, 3-இலேயே நிற்கும். 2 வேண்டுமென்றால் ஓர் ஆண்டு 7 சதவீத வேலையின்மையைத் தாங்க வேண்டும்.

இனி எண்ணெய். வேலையின்மை 5-இலேயே இருக்க, v மட்டும் 3 ஆனால் பணவீக்கம் 5. மறு ஆண்டு எண்ணெய் விலை ஏறிய இடத்திலேயே நின்றாலும் v பூச்சியம்தான், ஏனென்றால் பணவீக்கம் என்பது விலை ஏறும் வேகம். எதிர்பார்ப்பு 2-இலேயே இருந்தால் யாரும் வேலை இழக்காமல் பணவீக்கமும் 2-க்கு இறங்கிவிடும். எதிர்பார்ப்பு 5-க்குத் தாவியிருந்தாலோ, அந்த 3 சதவீதத்தைக் கரைக்க 6 புள்ளி கூடுதல் வேலையின்மை வேண்டும்: ஓராண்டு 11 சதவீதம், அல்லது மூன்றாண்டு 7 சதவீதம்.

எழுபதுகளில் இரண்டும் கலந்தே இருந்தன. ஆனால் 1970-ஐப் பாருங்கள்: வேலையின்மை 4.9-க்கு ஏறியும் பணவீக்கம் இறங்கவில்லை, ஐந்தரைக்குச் சற்று மேலேயே இருந்தது. எண்ணெய்த் தடைக்கு அப்போது இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. ஆக, முதல் நகர்வு எதிர்பார்ப்பால் வந்தது. 1976 இன்னொரு தடயம். எண்ணெய் அதிர்ச்சி அடங்கி, பணவீக்கம் 5.8-க்கு வந்துவிட்டது, ஆனால் வேலையின்மை 7.7. 1961-ஐவிட அதிக வேலையின்மை, ஆனாலும் ஏறக்குறைய ஆறு மடங்கு பணவீக்கம். எண்ணெய் போன பிறகும் எஞ்சிய இந்த இடைவெளியில் பெரும்பங்கு எதிர்பார்ப்பினுடையது என்பதே என் கணிப்பு. விலைவாசிப்படி சம்பளத்தைத் தானாக ஏற்றும் ஒப்பந்தங்கள், எண்ணெய் ஏற்றத்தையும் சம்பளத்துக்குள் கொண்டுசென்றன.

விலை கொடுத்துத் தீர்த்தது பால் வோல்க்கர் அமெரிக்க மத்திய வங்கியின் தலைவராக இருந்த காலத்தில். 1980-இல் 13.5 ஆக இருந்த பணவீக்கம் 1983-இல் 3.2 ஆனது, அதற்காக 1982 இறுதியில் வேலையின்மை 10.8 வரை போனது. 2022 ஜூனிலோ பணவீக்கம் 9.1, வேலையின்மை 3.6. ஓராண்டில் பணவீக்கம் 3 சதவீதத்துக்கு இறங்கியது; வேலையின்மை அதே 3.6. அந்தப் பணவீக்கத்தில் தேவையின் பங்கும் இருந்தது, வட்டியும் வேகமாக ஏற்றப்பட்டது. ஆனாலும் நீண்டகால எதிர்பார்ப்பு பெரிதாக அசையாததால், அதை உடைக்க வேண்டிய செலவு மிச்சமானது.

எனவே எண்ணெய் விலை ஏறியதும் பதறி வட்டியை ஏற்றுவதைவிட, சம்பள ஒப்பந்தங்களையும் எண்ணெய்க்குத் தொடர்பில்லாத சேவைகளின் விலையையும் பார்ப்பது மேல். முடிதிருத்தும் கட்டணமும் வீட்டு வாடகையும் சேர்ந்தே ஏறி, எண்ணெய் நின்ற பிறகும் நிற்கவில்லை என்றால், v என்று நினைத்தது πe ஆகிவிட்டது.

இதிலும் சறுக்கும் இடம் u*. அதை நேரடியாக அளக்க முடியாது, மதிப்பிடத்தான் முடியும். அறுபதுகளில் வாஷிங்டன் இலக்காக வைத்தது 4 சதவீத வேலையின்மை. எழுபதுகளின் இயல்பு விகிதம் 6-ஐ ஒட்டி இருந்தது என்கின்றன பின்னாளைய மதிப்பீடுகள். வேலையின்மை 5 இருக்கும்போது, u* 4 என்று நம்புகிறவருக்குப் பணவீக்கம் அரைப் புள்ளி குறைய வேண்டும். u* உண்மையில் 6 என்றால் அரைப் புள்ளி ஏறும். ஏறியதைக் கண்டு அவர் எண்ணெயைத்தான் குற்றம் சொல்வார்.